மில் எஞ்சினியருக்கு கே.ஆர்.ஏ. எழுதிய அனுபவம்

எங்கள் மில்லில் துறைத் தலைவர்கள் எல்லோரும் மார்ச் மாதம் முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான கே.ஆர்.ஏ. என்னும் இலக்குத் தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வரும். அடுத்த மார்ச்சில் சம்பள உயர்வும் ஊக்கத்தொகையும் அந்தத் தாளை வைத்துத்தான். திருமங்கலம் பக்கம் இருக்கும் நூற்பாலை இது. சுமார் 30,000 ஸ்பிண்டில், 25 ரிங் ஃபிரேம், மூன்று ஷிப்ட். நான் மனிதவளப் பிரிவில் இருப்பதால் இந்தத் தாள்களை வாங்கி, சரிபார்த்து, நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு அனுப்புவது என் வேலை.

இதில் ஸ்பின்னிங் மாஸ்டர் தாள் பெரிய சிக்கல் இல்லை. ஒரு ஸ்பிண்டிலுக்கு ஒரு ஷிப்டில் எத்தனை கிராம் நூல் என்ற கணக்கு அவரிடம் தினமும் இருக்கிறது. தரப்பிரிவுக்குச் சோதனை அறிக்கைகள் இருக்கின்றன. பாடாய்ப் படுத்துவது எஞ்சினியர் தாள்தான். பராமரிப்புத் துறைத் தலைவரை மில்களில் எஞ்சினியர் என்றுதான் சொல்வோம். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். மெஷின் நின்றால் மட்டும்தான் அவர் பெயர் அடிபடும். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆண்டு இலக்கை எண்ணில் எழுதுவது எப்படி என்று அவரோடு உட்கார்ந்து யோசித்ததில் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பழைய தாளில் நான்கு வரி இருந்தது. இயந்திரப் பழுதுகளைக் குறைத்தல், மின்செலவைக் கட்டுப்படுத்துதல், உதிரிபாகச் செலவைக் குறைத்தல், பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல். இந்த நான்கையும் எந்த மில் எஞ்சினியர் தாளிலும் ஒட்டிவிடலாம். ஆண்டு முடிவில் நிர்வாகம் கரன்ட் பில்லைக் காட்டி, ஏறியிருக்கிறதே என்றது. எஞ்சினியர் சார் என்னிடம், "தம்பி, பில் ஏறினா என்னைக் கேக்கிறாங்க. அறுபதாம் நம்பர் நூலை இவ்வளவு ஓட்டச் சொன்னது யாரு?" என்றார். இரண்டு பக்கமும் சொன்னது உண்மை. எது எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்க்கத் தாளில் ஒன்றும் இல்லை.

நிர்வாகம் அடுத்த ஆண்டுக்கு "மின்சாரம் 5 சதவீதம் குறைய வேண்டும்" என்று எழுதச் சொன்னது. எண் வந்துவிட்டது, இனி அளந்துவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அந்த 5 சதவீதம் பழைய வரியை விடக் கொஞ்சமும் மேலானது இல்லை. எதில் 5 சதவீதம்? ரூபாயிலா, யூனிட்டிலா, ஒரு கிலோ நூலுக்கான யூனிட்டிலா? ரூபாய் என்றால் கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், எஞ்சினியர் அல்ல. மொத்த யூனிட் என்றால் மில்லை மாதம் இரண்டு நாள் நிறுத்தினாலே இலக்கு வந்துவிடும். அதனால் நூற்பாலைகளில் யூ.கே.ஜி. பார்ப்பார்கள், அதாவது ஒரு கிலோ நூல் தயாரிக்க எத்தனை யூனிட் என்று. அதைத்தான் நாங்களும் எடுத்தோம். எடுத்த பிறகுதான் சிக்கலே ஆரம்பித்தது.

நூல் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். அதே ஒரு கிலோவுக்கு அதிக நீளம் நூற்க வேண்டும், மீட்டருக்கு முறுக்கும் அதிகம் வேண்டும், அதனால் ஸ்பிண்டில் அதிக நேரம் ஓட வேண்டும். எங்கள் மில்லில் 40ஆம் நம்பருக்கு கிலோவுக்கு 4 யூனிட், 60ஆம் நம்பருக்கு 7 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் 2 லட்சம் கிலோ. அதில் 1,60,000 கிலோ 40ஆம் நம்பர், 40,000 கிலோ 60ஆம் நம்பர். முதலாவதற்கு 6,40,000 யூனிட், இரண்டாவதற்கு 2,80,000 யூனிட். மொத்தம் 9,20,000. யூ.கே.ஜி. 4.6.

மார்க்கெட்டில் 60க்கு நல்ல விலை வருகிறது, கூட்டி ஓட்டுங்கள் என்று விற்பனைப் பிரிவு சொல்கிறது. அதே 2 லட்சம் கிலோவில் 1,20,000 கிலோ 40, 80,000 கிலோ 60 என்று ஆகிவிட்டது. இப்போது 4,80,000 யூனிட்டும் 5,60,000 யூனிட்டும் சேர்த்து 10,40,000. யூ.கே.ஜி. 5.2. ஒரு மெஷினும் கெடவில்லை, ஒரு போல்ட்டும் தளரவில்லை, ஆனால் எண் 13 சதவீதம் ஏறிவிட்டது. 5 சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்த மனிதர் ராத்திரி பகலாக உழைத்து 2.5 சதவீதம் மிச்சப்படுத்தியிருந்தாலும், தாளில் 5.07 என்றுதான் நிற்கும். போன வருஷம் 4.6, இந்த வருஷம் 5.07. அவரைத் தோற்றவர் என்று அந்தத் தாள் சொல்லும்.

இதற்கு வழி, எதிர்பார்க்கும் யூனிட்டை ஒவ்வொரு மாதமும் ஓடிய நூலை வைத்தே போடுவது. ஒவ்வொரு நம்பருக்கும் போன ஆண்டுக் கணக்கிலிருந்து ஒரு நிலையான யூ.கே.ஜி. வைத்துக்கொள்கிறோம். மாத முடிவில், ஓடிய கிலோவை அந்தந்த நம்பரின் நிலையான எண்ணால் பெருக்கிக் கூட்டினால், இந்த மாதம் இவ்வளவு யூனிட்தான் ஆகியிருக்க வேண்டும் என்று வரும். உண்மையில் ஆன யூனிட்டை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு குறியீடு கிடைக்கும். மேலே சொன்ன மாதத்தில் உண்மையில் ஆனது 10,14,000 யூனிட். 10,40,000ஆல் வகுத்தால் 97.5. அதாவது 2.5 சதவீதம் மிச்சம். எந்த நம்பரை எவ்வளவு ஓட்டினாலும் இந்த எண் எஞ்சினியரின் வேலையைத்தான் காட்டும். எல்லா நூலையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் மில்களில் ஏற்கெனவே இருப்பதுதான். அதை உற்பத்திக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மின்சாரத்துக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம்.

குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதன் மேலேயும் கீழேயும் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டபோது இன்னும் இரண்டு ஓட்டை தெரிந்தது.

முதலாவது, மின்வாரியம் மீட்டர் ரீடிங் எடுக்கும் நாளும் எங்கள் உற்பத்தி மாதம் முடியும் நாளும் ஒன்றல்ல. பில்லில் இருக்கும் யூனிட்டை எடுத்து மாத உற்பத்தியால் வகுத்தால், ஒரு மாதம் சும்மாவே நன்றாக இருக்கும், அடுத்த மாதம் சும்மாவே மோசமாக இருக்கும். அந்தப் பில்லிலேயே பெண்கள் ஹாஸ்டல், கேன்டீன், ஆபீஸ் ஏசி எல்லாம் அடக்கம். ஹாஸ்டலில் ஆள் கூடினால் யூ.கே.ஜி. ஏறும் என்பது எந்த எஞ்சினியருக்கும் நியாயமில்லை. அதனால் பில்லை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலை 6 மணிக்கு ஷிப்ட் மாறும்போது சப் மீட்டர்களைப் படிப்பது என்று வைத்தோம். ரிங் ஃபிரேம், தயாரிப்புப் பிரிவு, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர், ஹாலில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன், கம்ப்ரசர் என்று தனித்தனி மீட்டர். எலக்ட்ரீஷியன் படிப்பார், ஷிப்ட் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவார். அவர் எஞ்சினியருக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல என்பது முக்கியம். யாருக்கு மதிப்பெண்ணோ அவர் ஆளே அளந்து எழுதுவது அவருக்கும் நல்லதில்லை. நல்ல எண் வந்தால் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, கிலோ. ரிங் ஃபிரேமில் நூற்ற நீளத்தைக் காட்டும் ஹேங்க் மீட்டரை வைத்துப் போடும் கிலோ ஒன்று, பேக்கிங்கில் எடை போட்டு வரும் கிலோ இன்னொன்று. நடுவில் கழிவு, ஈரப்பதம், கோன் வைண்டிங்கில் தேங்கும் சரக்கு எல்லாம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஆண்டு முழுக்க ஒன்றையே எடுக்க வேண்டும், நிலையான எண்ணையும் அதே கிலோவை வைத்துத்தான் போட்டிருக்க வேண்டும். நாங்கள் பேக்கிங் எடையை எடுத்தோம், தேங்கும் சரக்கு ஏறுவதும் இறங்குவதும் மூன்று மாதத்தில் கிட்டத்தட்டச் சரியாகிவிடும் என்பதால். ஆகவே மாதாமாதம் பார்ப்போம், மதிப்பெண் போடுவது காலாண்டுக்கு ஒருமுறை மட்டும். இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்கள் இழுக்கும் மின்சாரம் மார்கழி மாதிரி இருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டைப் போன ஆண்டு அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது இலக்குக்கு வருவோம். நிர்வாகம் சொன்ன 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வட்டமான எண், அவ்வளவுதான். எஞ்சினியர் சார் அதை மறுக்கவில்லை. "எங்கெங்கே எவ்வளவு மிச்சமாகும்னு எழுதிக் கூட்டிப் பார்ப்போம் தம்பி, அஞ்சு வந்தா அஞ்சே போடுங்க" என்றார். இலக்கை மேலிருந்து இறக்காமல் கீழிருந்து கூட்டுவது என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

முதலில் எடுத்தது காற்றுக் கசிவு. ஆட்டோகோனருக்குக் கம்ப்ரசர் காற்று எந்நேரமும் வேண்டும். குழாய் இணைப்புகள், ஹோஸ், வால்வு என்று எங்கெங்கோ கசியும். மெஷின் சத்தத்தில் காதில் விழாது. எல்லா மெஷினும் நின்றால்தான் அளக்க முடியும். எங்கள் மில் முழுசாக நிற்பது பொங்கல், தீபாவளி, அப்புறம் அழகர் ஆற்றில் இறங்கும் நாள். பொங்கலன்று காலையில் எஞ்சினியர் சாரும் ஓர் எலக்ட்ரீஷியனும் கம்ப்ரசர் அறையில் இருந்தார்கள், நானும் போயிருந்தேன். காற்று உபயோகிக்கும் மெஷின் ஒன்றும் ஓடவில்லை. கம்ப்ரசரை மட்டும் போட்டார்கள். லைனில் அழுத்தம் ஏறியதும் அது காற்றை அழுத்தும் லோடிலிருந்து சும்மா ஓடும் அன்லோடுக்குப் போகிறது. கசிவினால் அழுத்தம் இறங்கியதும் மறுபடியும் லோடுக்கு வருகிறது. லோடில் எத்தனை நேரம், அன்லோடில் எத்தனை நேரம் என்று பல சுற்று குறித்தார்கள். சராசரி 3 நிமிடம் லோடு, 7 நிமிடம் அன்லோடு. 10 நிமிடத்தில் 3 நிமிடம், ஆக 30 சதவீதம். அதாவது, யாருக்கும் உபயோகமில்லாமல் கசிவுக்கு மட்டுமே கம்ப்ரசர் தன் கொள்ளளவில் 30 சதவீதத்தை உழைத்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும்.

கம்ப்ரசர் மோட்டார் 45 கிலோவாட். அதில் 30 சதவீதம் 13.5 கிலோவாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், மாதம் 30 நாள் என்றால் சுமார் 9,700 யூனிட். மாத மொத்தம் 9,20,000 யூனிட்டில் இது 1 சதவீதம்! கசிவைப் பாதியாக்கினால் அரை சதவீதம் மிச்சம் என்று நான் எழுதப் போனேன். எஞ்சினியர் சார் 0.3 என்று போடச் சொன்னார். கம்ப்ரசர் அன்லோடில் ஓடும்போதும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், அதனால் கணக்கில் வருவது முழுவதும் மீட்டரில் மிச்சமாகத் தெரியாது என்று விளக்கினார். ஒரு துறைத் தலைவர் தன் இலக்கை இவ்வளவு நேர்மையாகப் போடுவதைப் பார்த்த பிறகு, மற்ற எண்களையும் நம்பி எழுத முடிந்தது.

பெரிய மிச்சம் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனில். ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதே அளவில் குறையாது, வேகத்தின் மும்மடிக் கணக்கில் குறையும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் மின்சாரம் சுமார் 27 சதவீதம் குறையும். ராத்திரியிலும் மழை நாட்களிலும் ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டியதில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் டிரைவ் வாங்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்குவது நிர்வாகம். டிரைவ் வந்தால் இதிலிருந்து மட்டும் ஒன்றரை சதவீதம் வரும் என்று அவர் கணக்குப் போட்டார். பழைய மோட்டார்கள், ரிங் ஃபிரேம் டேப் மாற்றுவது, விளக்குகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 1.2. மொத்தம் 3 சதவீதம். 5 வரவில்லை.

நிர்வாகத்திடம் 3 என்று கொண்டு போனபோது நான் பயந்த அளவுக்கு எதிர்ப்பு இல்லை. காரணம், தாளில் கூட்டல் இருந்தது. மீதி 2 சதவீதம் எங்கே கிடைக்கும் என்று காட்டினால் எஞ்சினியர் சேர்த்துக்கொள்கிறார் என்றோம். யாராலும் காட்ட முடியவில்லை. அதோடு ஒரு நிபந்தனையையும் எழுதிவிட்டோம்: டிரைவுக்கான ஒப்புதல் ஜூன் 30க்குள் கிடைத்தால் குறியீட்டு இலக்கு 97, கிடைக்காவிட்டால் 98.5. அடுத்தவர் கையில் இருக்கும் முடிவை ஒருவர் தாளில் இலக்காக வைத்துவிட்டு நிபந்தனையை வாய்ப்பேச்சாக விட்டால், மார்ச்சில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பழுது பற்றிய வரிக்கு இதைவிட அதிக நேரம் பிடித்தது. முதலில் கேட்டது, பழுது என்றால் எண்ணிக்கையா, நேரமா? இருபது நிமிட நிறுத்தம் பத்தும், முப்பது மணி நேர நிறுத்தம் ஒன்றும் எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்று, நேரத்தில் நேர் எதிர். மில்லுக்கு வலிப்பது நேரம். 25 ரிங் ஃபிரேம், 24 மணி நேரம், 30 நாள் என்றால் மாதத்துக்கு 18,000 மெஷின் மணி நேரம். அதில் பழுதால் போனது எத்தனை சதவீதம் என்பதையே அளவாக வைத்தோம். அடிப்படை 1.5 சதவீதம், அதாவது மாதம் 270 மணி நேரம். இலக்கு 1.1.

அந்த அடிப்படை எண்ணைக் கண்டுபிடிக்க முதலில் பழைய லாக் புக்கைப் புரட்டியபோது பல வரிகள் "டேப் அறுந்தது, சரி செய்யப்பட்டது" என்கிற மாதிரி இருந்தன. எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று இல்லை. சில ஷிப்டுகளில் வரியே இல்லை. அப்படிப்பட்ட புத்தகத்திலிருந்து எடுத்த அடிப்படை எண் உண்மையை விடக் குறைவாகத்தான் இருக்கும். புது ஆண்டில் ஒழுங்காக எழுத ஆரம்பித்ததும் பழுது கூடிய மாதிரி தெரியும், எழுதிய ஆளுக்கே தண்டனை மாதிரி ஆகிவிடும். அதனால் ஜனவரியிலிருந்தே லாக் புக்கை மாற்றி, நின்ற நேரத்தைப் பக்கம் பார்க்கும் சைடரும் ஜாபரும் சொல்ல, ஷிப்ட் சூப்பர்வைசர் எழுதுவது என்று வைத்து, ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதத்து எண்ணை மட்டும் அடிப்படையாக எடுத்தோம். மேலே சொன்ன 1.5 அந்த மூன்று மாதத்து எண்தான். பழைய புத்தகம் 0.9 என்று காட்டியிருந்தது. ஏப்ரல் 1க்குள் தாள் எழுத வேண்டுமானால் அளக்கும் வேலையை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, எது பழுதில் சேரும், எது சேராது. மின்வெட்டால் நின்றது சேராது. ஆள் இல்லாமல் நின்றது சேராது. திட்டமிட்ட பராமரிப்புக்காக நிறுத்தியது சேரக்கூடாது. சேர்த்தால் எண்ணைக் காப்பாற்றப் பராமரிப்பையே தள்ளிப்போடத் தோன்றும், ஆறு மாதம் கழித்து மெஷின் வஞ்சம் தீர்க்கும். ஆனால் எட்டு மணி நேரம் என்று நிறுத்திவிட்டுப் பதினொரு மணி நேரம் எடுத்தால், மீதி மூன்று மணி நேரம் பழுதுக் கணக்கில் சேரும். இதை எஞ்சினியர் சாரே சொன்னார். ஸ்பின்னிங் மாஸ்டருக்கு அதில்தான் பெரிய நிம்மதி.

சண்டை வந்தது உதிரிபாகத்துக்காகக் காத்திருந்த நேரத்தில். ஸ்டோரில் பொருள் இல்லாமல் மெஷின் இரண்டு நாள் நின்றால் அது யார் கணக்கு? கொள்முதல் பிரிவு, இண்டென்ட் தாமதமாக வந்தது என்கும். எஞ்சினியர் பிரிவு, இண்டென்ட் போட்டு மாதம் ஆகிறது என்கும். கடைசியில் இப்படி முடிவு செய்தோம். எப்போதும் கையில் இருக்க வேண்டிய உதிரிபாகங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச இருப்பையும் எஞ்சினியரே எழுதித் தருவார். பட்டியலில் இல்லாத பொருளுக்காக நின்றால் அது அவர் கணக்கு. பட்டியலில் இருந்து, இருப்பு குறைந்ததும் இண்டென்ட் போட்டும் வரவில்லை என்றால் கொள்முதல் தலைவரின் தாளில் ஏறும். இந்த ஒரு வரிக்காகக் கொள்முதல் தலைவரின் தாளையும் திறந்து அதே வாசகத்தை அங்கேயும் எழுத வேண்டியிருந்தது. ஒருவர் தாளில் மட்டும் எழுதினால் அது அடுத்தவர் மேல் போடும் பழி. இரண்டிலும் இருந்தால்தான் பொறுப்பு.

உதிரிபாகச் செலவுக்கு ஒரு ஸ்பிண்டிலுக்கு ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று வைத்தோம். இது தனியாக நின்றால் ஆபத்தான எண். தேய்ந்த ஏப்ரனையும் காட்ஸையும் மாற்றாமல் விட்டால் செலவு உடனே குறையும், நூல் அறுவது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சைடர் பாடு திண்டாட்டமாகிவிடும். அதனால் இதோடு 100 ஸ்பிண்டில் மணி நேரத்துக்கு எத்தனை அறுப்பு என்ற எண்ணைச் சேர்த்துக் கட்டினோம். தரப்பிரிவு எடுக்கும் எண் அது. அறுப்பு போன ஆண்டுச் சராசரியை விட ஏறியிருந்தால், செலவு எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தக் காலாண்டில் செலவுக்கு மதிப்பெண் இல்லை. குறைத்தால் நல்லது என்று ஓர் எண் வைக்கும்போதெல்லாம், அதைத் தப்பு வழியில் குறைத்தால் எது ஏறும் என்று கேட்டு அதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மின்சாரத்துக்கும் இதே மாதிரி ஒரு காவல் வேண்டியிருந்தது. ஃபேன் வேகத்தை அளவுக்கு மேல் குறைத்தால் ஈரப்பதம் போய் நூல் அறும், ரிங் ஃபிரேம் ஹாலில் வேலை செய்பவர்களுக்கும் புழுக்கம். ஹாலின் ஈரப்பதம் தரப்பிரிவு சொன்ன அளவுக்குள் இருந்த நாட்களின் கணக்கையும் சேர்த்தோம்.

பயிற்சிக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று போடுவது எளிது. வகுப்பில் உட்கார்ந்த கணக்குத்தான் அதில் வரும். ராத்திரி ஷிப்டில் பழுது என்றால் ஃபிட்டர் தனியாகப் பார்க்கிறாரா, எஞ்சினியரை வீட்டிலிருந்து கூப்பிடுகிறாரா என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊர்களிலிருந்து மில் வேனில் வரும் பையன்கள், கை வேலையில் கெட்டிக்காரர்கள். எட்டு வேலைகளைப் பட்டியல் போட்டோம். ஒவ்வொரு ஃபிட்டரும் எதை உதவியோடு செய்வார், எதைத் தனியாகச் செய்வார் என்று கட்டம் போட்டோம். தனியாகச் செய்கிறார் என்று கையெழுத்துப் போடுவது ஷிப்ட் சூப்பர்வைசர். ஆண்டுத் தொடக்கத்தில் ராத்திரி ஷிப்டில் எட்டில் நான்கு வேலைக்குத்தான் தனியாகச் செய்யும் ஆள் இருந்தது. இலக்கு ஏழு. அவ்வளவுதான், பயிற்சிக்கு வேறு எண் வைக்கவில்லை.

மொத்தம் 100 மதிப்பெண்ணில் மின்சாரத்துக்கு 35, பழுது நேரத்துக்கு 35, உதிரிபாகச் செலவுக்கு 15, ஃபிட்டர் திறனுக்கு 15. நான்குக்கும் சமமாக 25 போடலாமே என்று கேட்டார்கள். சமமாகப் போட்டால் எது முக்கியம் என்று தாள் சொல்லவில்லை என்று அர்த்தம். ஐந்தாறு வரிகளுக்கு மேல் போவதையும் நான் விரும்பவில்லை. 5 மதிப்பெண் உள்ள வரியை ஆண்டு முழுக்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இடைப்பட்ட எண்ணுக்கு என்ன மதிப்பெண் என்பதும் அன்றைக்கே எழுதிவிட்டோம். மின்சாரக் குறியீடு 100 என்றால் பூஜ்யம், இலக்கான 97 என்றால் முழு 35, நடுவில் நேர்விகிதம். 98.5 வந்தால் 17.5. டிரைவ் வராமல் இலக்கு 98.5 ஆகிவிட்டால் அதற்கே முழு 35. மார்ச்சில் உட்கார்ந்து பேரம் பேச அதில் இடமில்லை.

கடைசியில் மின்சார வரி தாளில் இப்படி நின்றது:

"நூலுக்கான மின்சாரக் குறியீடு. உண்மையில் ஆன யூனிட்டை, ஓடிய கிலோவுக்கு நிலையான யூ.கே.ஜி.யின்படி ஆக வேண்டிய யூனிட்டால் வகுத்து 100ஆல் பெருக்கியது. யூனிட்: சப் மீட்டர், 1ஆம் தேதி காலை 6 மணி, ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்துடன். ஹாஸ்டல், கேன்டீன், ஆபீஸ் சேராது. கிலோ: பேக்கிங் எடை. அடிப்படை 100. இலக்கு 97, டிரைவ் ஒப்புதல் ஜூன் 30க்குள் கிடைக்காவிட்டால் 98.5. மதிப்பெண் 35. காவல்: ஹால் ஈரப்பதம்."

படிக்க அழகாக இல்லை. ஆனால் மார்ச்சில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தாலும், யாரையும் கேட்காமல் மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம். ஒரு வரி எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை இதுதான். அக்கவுண்ட்ஸில் ஒருவரையும் தரப்பிரிவில் ஒருவரையும் கூப்பிட்டு, ஒரு பழைய மாதத்தின் பதிவேடுகளைக் கொடுத்து, தனித்தனியாகக் கணக்குப் போடச் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தால் வரி சரி. வேறு வேறு எண் வந்தால், ஏதோ ஒரு சொல் இன்னும் தெளிவாகவில்லை. பழுது நேர வரி முதல் தடவை இதில் தேறவில்லை. ராத்திரி பன்னிரண்டைத் தாண்டி நின்ற மெஷினை ஒருவர் முந்தைய தேதியிலும் ஒருவர் அடுத்த தேதியிலும் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் என்றால் காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை என்று ஒரு வாசகம் சேர்த்ததும் சரியானது.

டிரைவுக்கான ஒப்புதல் ஜூன் மாதத்திலேயே கிடைத்துவிட்டது, இலக்கு 97 என்றே நின்றது. ஆண்டு நடுவில் தாளைத் தொட வேண்டி வந்தது ஒரே காரணத்துக்குத்தான். ஆகஸ்டில் 30ஆம் நம்பர் ஹோசியரி நூலுக்கு ஆர்டர் வந்தது. நிலையான யூ.கே.ஜி. பட்டியலில் அந்த நம்பரே இல்லை. 40ஐ வைத்து உத்தேசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிப் போட்டிருந்தால் எஞ்சினியருக்குச் சும்மாவே லாபம், ஏனென்றால் 30க்கு கிலோவுக்கு மின்சாரம் குறைவு. வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவரேதான். 30 ஓடும் ஃபிரேம்களுக்கு இரண்டு வாரம் தனி மீட்டர் வைத்து ரீடிங் எடுத்தார்கள். தயாரிப்புப் பிரிவு, ஹியூமிடிஃபிகேஷன் பங்கை கிலோ விகிதத்தில் சேர்த்தார்கள். வந்த எண்ணில் எஞ்சினியர், ஸ்பின்னிங் மாஸ்டர், நிர்வாகம் மூன்று கையெழுத்தும் வாங்கித் தாளின் பின்னால் தேதியோடு இணைத்தோம். அந்த இரண்டு வாரத்தில் ஓடிய 30ஆம் நம்பர் கிலோவையும் அதற்கான யூனிட்டையும் குறியீட்டிலிருந்து விலக்கிவிட்டு, அதன் பிறகு ஓடியதை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.